கட்டுரையை மூடிப்போட்டு எழுதுங்கோ

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி தன்னுடைய ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தைக் கொண்டுவந்து தந்தான். தமிழ்மொழி மூல வெளிவாரிப் பட்டம். வெள்ளவத்தையில் காலி வீதியோரத் தேத்தண்ணிக்கடை ஒன்றில் இருந்தோம். "அண்ணா, எழுத்துப்பிழை மட்டும் பார்த்துத் தாங்கோ" எண்டான்.

எழுத்துப்பிழை ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் முதல் பக்கத்தில் மட்டும் "என்பது குறிப்பிடத்தக்கது" ஆறு தரம் வந்தது. "எனலாம்" நாலு. "கண்கூடு" ஒன்று. பேனையை வைத்துவிட்டு, "இதில உன்ர வசனம் எது?" என்று கேட்டேன். சிரித்தான். "எல்லாம் வேற கட்டுரைகளில இருந்து எடுத்து மாத்தினதுதான் அண்ணா. அப்பிடித்தானே எல்லாரும் செய்யினம்?"

அவனுடைய தலைப்பு புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைமாரின் பிள்ளைகள் பாடசாலைக்கு ஒழுங்காகப் போகாமல் விடுவது பற்றியது. அந்தக் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவன் அவன். தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னான்: "மழை நாளில லொறி குறைவு. அண்டைக்குக் காசு இல்ல. அடுத்த நாள் பிள்ளை ஸ்கூலுக்குப் போகாது. மாசச் சம்பளக்காரர் வீட்டில இது நடக்காது." அவன் வாசித்த எந்தக் கட்டுரையிலும் இல்லாத விசயம் இது. ஆனால் அத்தியாயத்தில் அது, "பொருளாதாரக் காரணிகள் மாணவர் வரவில் செல்வாக்குச் செலுத்துகின்றன என்பது குறிப்பிடத்தக்கது" என்று கிடந்தது. அவனுக்குத் தெரிந்தது முழுவதும் இரவல் வசனத்துக்குள் போய்ச் செத்துவிட்டது.

"அப்பிடித்தானே எல்லாரும் செய்யினம்" என்ற அந்தப் பதிலுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். என்னுடைய முதலாவது ஆய்வேட்டில் மேற்பார்வையாளர் ஓரத்தில் "யாருடைய வசனம்?" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். பதில் என்னிடம் இருக்கவில்லை.

ஆய்வுமொழி வராது என்று அழுகிறவர்களுக்கு எங்களிடம் இரண்டு கைமருந்து இருக்கிறது. இரண்டும் வருத்தத்தைக் கூட்டுகிற மருந்து.

முதலாவது, சொற்றொடர்ப் பட்டியல். அறிமுகத்துக்கு இருபது வசனம், முடிவுரைக்கு இருபது வசனம் என்று யாரோ தட்டச்சு செய்த தாள்கள் போட்டோக்கொப்பியாகக் கைமாறுகின்றன. "இவ்வாய்வானது ... நோக்கமாகக் கொண்டு மேற்கொள்ளப்பட்டுள்ளது." வெற்றிடத்தை நிரப்பினால் வசனம் தயார். பட்டியல் என்றாலே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வசனம் எப்போது பொருந்தும், எப்போது பொய்யாகும் என்பதைப் பட்டியல் சொல்லாது. "இதிலிருந்து தெளிவாகின்றது" என்று எழுதுவதற்கு முதல் ஏதாவது தெளிவாகியிருக்க வேண்டும். அதை அந்தத் தாள் உங்களிடம் கேட்காது.

இரண்டாவது, திறந்துவைத்து மாற்றுவது. கட்டுரை இடப்பக்கம், கொப்பி வலப்பக்கம். மூலத்தில், "பெற்றோரின் பொருளாதார நிலை பிள்ளைகளின் பாடசாலை வரவில் கணிசமான செல்வாக்கைச் செலுத்துகின்றது" என்று இருக்கிறதாக வைப்பம். அது கொப்பியில், "பெற்றோரின் பொருளாதாரப் பின்னணி மாணவரின் பாடசாலை வருகையில் குறிப்பிடத்தக்க தாக்கத்தை ஏற்படுத்துகின்றது" என்று வரும். சொல் மாறியிருக்கிறது, எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. இதைச் செய்தவர் ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை: அந்த ஆய்வு உண்மையில் "செல்வாக்கை" நிறுவியதா, இல்லாவிட்டால் வருமானம் குறைந்த வீடுகளில் வரவும் குறைவாக இருந்தது என்று கண்டதா? இரண்டும் ஒன்றல்ல. கண் மூலத்தில் இருக்கும்வரை அந்தக் கேள்வி வராது, ஏனென்றால் கை ஒத்தசொல் தேடுவதில் பிசியாக இருக்கிறது.

அமெரிக்காவில் எழுத்துக் கற்பித்தலைப் பற்றி ஆராய்ந்த ரெபேக்கா மூர் ஹவார்ட் 1990களில் இந்த ஒட்டுப்போட்ட எழுத்துக்கு ஒரு பெயர் வைத்து, இதை உடனே களவு என்று தண்டிக்கக்கூடாது, புதிய துறைமொழிக்குள் நுழைகிறவர் கடக்கிற ஒரு படி என்று பார்க்கவேண்டும் என்று வாதிட்டார். எனக்கு அதில் உடன்பாடு. தம்பியை நான் கள்ளன் என்று சொல்லவில்லை. படியிலேயே பாயை விரித்துப் படுத்துவிட்டோம் என்றுதான் சொல்கிறேன்.

அப்ப என்ன செய்யிறது? கிழமைக்கு ஒரு ஆய்வுக்கட்டுரை. வாசிக்கிறது, மூடுகிறது, ஞாபகத்திலிருந்து சுருக்கம் எழுதுகிறது. இப்படி ஒரு வருசம். சொல்லக் கேட்டால் சின்ன விசயம். ஆனால் பலபேர் இதைப் பிழையாகச் செய்து, "சரிவரேல்ல" எண்டு விட்டிருக்கினம். அதனால் நான் செய்த விதத்தைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை வாசிப்பு. பத்துப் பதினைந்து பக்கத்துக்கு மேற்படாத ஒரு கட்டுரை போதும். வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் இருந்து பழைய இதழ்கள் வாசிக்கலாம், நூலகம் இணையத்தளத்தில் இருந்து இறக்கலாம், ஆங்கிலத்திலும் எடுக்கலாம். ஆய்வுச்சுருக்கத்தைக் கடைசியாக வாசியுங்கள். அதை முதலில் வாசித்தால் அடுத்த நாள் ஞாபகத்தில் வருவது அந்த ஒரு பந்திதான். எப்படிச் செய்தார்கள், என்ன கண்டார்கள் என்ற பகுதிகளை இரண்டு தரம் வாசியுங்கள். ஒரு சின்னத் துண்டில் ஆசிரியர் பெயர், ஆண்டு, நாலைந்து கலைச்சொற்கள், இவை மட்டும் இருக்கட்டும். வசனம் ஒன்றும் வேண்டாம்.

ஒரு இரவு விடுங்கள். இந்த இரவு முக்கியம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, கட்டுரை மூடினபடி, இருபத்தைந்து நிமிடம், கொப்பியில் ஒரு பக்கம். தெரியாத இடத்தில் கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். திறந்து பார்க்கக்கூடாது. முடிந்த பிறகு மூலத்தைத் திறந்து, சிவப்புப் பேனையால் மூன்று வகைப் பிழையைத் தேடுங்கள். கட்டுரை சொன்னதைவிடக் கூட்டிச் சொன்ன இடம். நிபந்தனை தொலைந்த இடம். மூலத்து வசனம் அப்படியே திரும்பி வந்த இடம். இதில் கூடுதலாகச் சிவந்த மூன்று வசனத்தை மட்டும் திருத்தி எழுதுங்கள். முழுப் பக்கத்தையும் திருப்பி எழுதினால் மூன்றாம் கிழமையே களைத்துப் போவீர்கள்.

உதாரணத்துக்கு என்னுடைய கொப்பியின் முதல் கிழமை. எடுத்தது ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் சைக்கலாஜிக்கல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை. விசயமே ஞாபகத்திலிருந்து எழுதுவது பற்றியது என்பதால் அதை எடுத்தேன். நான் எழுதினது இது:

"பரீட்சை எழுதினால் படித்தது மனதில் நிற்கும் என்று ரோடிகரும் கார்பிக்கியும் கூறுகிறார்கள். ஒரு குழு மாணவர் பந்தியைத் திரும்ப வாசித்தார்கள். மற்றக் குழு ஞாபகத்திலிருந்து எழுதியது. எழுதின குழுவுக்குக் கூடுதலாக ஞாபகம் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது."

மூலத்தைத் திறந்தபோது வெட்கமாகப் போய்விட்டது. முதலாவது பரிசோதனையில் வாசிப்பவர் ஒரு குழு, எழுதுபவர் இன்னொரு குழு என்று இருக்கவே இல்லை. ஒரே மாணவர் இரண்டு பந்தி படித்தார்கள், ஒன்று சூரியனைப் பற்றியது, மற்றது கடல்நீர்நாயைப் பற்றியது. ஒன்றைத் திரும்ப வாசித்தார்கள், மற்றதை ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். குழு பிரிந்தது கடைசிப் பரீட்சை எப்போது என்பதில்தான்: சிலருக்கு ஐந்து நிமிடத்தில், சிலருக்கு இரண்டு நாளில், சிலருக்கு ஒரு கிழமையில். பரிசோதனை என்றால் இரண்டு குழு என்று என் மண்டையில் இருந்த அச்சு, கட்டுரையில் இருந்ததை மூடிவிட்டது.

அதைவிடப் பெரிய பிழை "கூடுதலாக". ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது முன்னுக்கு நின்றது திரும்ப வாசித்த பந்திதான்: 81 வீதம், எழுதின பந்தி 75 வீதம். இரண்டு நாள் கழித்து எழுதினது 68, வாசித்தது 54. ஒரு கிழமை கழித்து 56க்கு 42. கட்டுரையின் உயிரே அந்தத் தலைகீழ் மாற்றத்தில் இருக்கிறது. நான் அதைத் தொலைத்துவிட்டு மிச்சத்துக்குக் "குறிப்பிடத்தக்கது" போட்டிருக்கிறேன்.

திருத்தினது இப்படி வந்தது: "உடனே சோதித்தால் திரும்ப வாசிப்பதே பலன் தருகிறது, இரண்டு நாளோ ஒரு கிழமையோ கழிந்தால் ஞாபகத்திலிருந்து எழுதியதே நிலைக்கிறது. எந்த முறை நல்லது என்பதை எப்போது சோதிக்கிறோம் என்பதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது என்று அவர்கள் காட்டுகிறார்கள்."

இந்த வசனம் ஒரு பட்டியலிலும் இல்லை. "இதை அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது" என்ற வடிவம் எனக்குத் தேவைப்பட்டது, ஏனென்றால் நிபந்தனையைச் சுமக்கிற ஒரு வசனம் என்னிடம் இருக்கவில்லை. தேவைப்பட்டதால் கட்டினேன். கட்டினதால் அது இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. ஆய்வுமொழி இப்படித்தான் வருகிறது, ஒரு பிழையைத் திருத்தப் போய். "கூறுகிறார்கள்" என்பது "காட்டுகிறார்கள்" என்று மாறியதும் அதே காரணத்தால்தான். அவர்கள் வெறுமனே கூறவில்லை, செய்து பார்த்திருக்கிறார்கள். முதல் இரண்டு மாதம் என் கொப்பி முழுக்கக் "கூறுகிறார்" தான். பிறகுதான் வாதிடுகிறார், காட்டுகிறார், ஊகிக்கிறார், ஒப்புக்கொள்கிறார், விட்டுவிடுகிறார் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றும் ஒரு கட்டுரையில் மற்றது பொருந்தாததால் வந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ரோடிகரும் கார்பிக்கியும் அளந்தது உள்ளடக்க ஞாபகத்தை. மொழிநடை வளருமா என்பதை அவர்கள் சோதிக்கவில்லை. அதை அவர்கள் தலையில் கட்டினால், நான் திட்டுகிற பிழையை நானே செய்தவனாவேன். மொழிநடைக்கு வேறு சாட்சி இருக்கிறது. பெஞ்சமின் பிராங்ளின் தன் சுயசரிதையில், இளவயதில் ஸ்பெக்டேற்றர் என்ற ஆங்கில இதழின் தொகுதி ஒன்றை வைத்து எழுதப் பழகிய கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு வசனத்தின் கருத்துக்கும் சின்னக் குறிப்பு எடுத்து, சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, புத்தகத்தைப் பார்க்காமல் கட்டுரையைத் தன் சொல்லில் எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியிருக்கிறார். சில வேளை குறிப்புகளைக் குழப்பிப்போட்டு, சில கிழமை கழித்துத் திருப்பி அடுக்கியிருக்கிறார், ஒழுங்கு பழகுவதற்காக. அவருக்கும் சொல் போதாமைதான் முதலில் தெரிந்தது. இது ஒரு மனிதனின் அனுபவம், நிறுவல் இல்லை. ஆனால் அவர் வாத்தியார் இல்லாமல் செய்தார் என்பது எங்களைப் போன்ற வெளிவாரி மாணவருக்குக் கணக்கில் எடுக்கவேண்டிய விசயம்.

இனி எதிர்ப்புகள். முதலாவது, "இது மனனம் தானே? உயர்தரத்துக்கு அதைத்தானே செய்தம்?" இல்லை. மனனத்தில் மூலத்து வசனம் அப்படியே வந்தால் வெற்றி. இதில் அப்படியே வந்தால் தோல்வி. ரியூசன் வகுப்பில் மாதிரி விடையைப் பாடமாக்கிய எங்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூட. வாசித்து உடனே எழுதினால், காதில் ஒலிக்கிற வசனம் கைக்கு இறங்கிவிடும். அந்த ஒரு இரவு அதற்காகத்தான், ஒலி மங்கும், கருத்து நிற்கும். அதற்குப் பிறகும் கலைச்சொல் தவிர ஐந்து சொல் தொடர்ச்சியாக மூலத்தோடு ஒத்துப்போனால் அடிக்கோடு போடுங்கள். மேற்கோள் குறியும் பக்க எண்ணும் கொடுங்கள், இல்லாவிட்டால் உடைத்து எழுதுங்கள். ஞாபகத்தில் இருந்து வந்தது என்பதற்காக அது உங்களுடையது ஆகிவிடாது.

இரண்டாவது, "நல்ல கட்டுரை எல்லாம் ஆங்கிலத்தில. அதைத் தமிழில எழுதினா ஆங்கிலமும் வராது, தமிழும் வராது." பாதி உண்மை. ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் எழுதும்போது சொல்லுக்குச் சொல் திருடுவது கடினம், ஆனால் ஆங்கில வசனத்தின் எலும்புக்கூடு தமிழ்ச் சட்டை போட்டுக்கொண்டு வரும். "கண்டறியப்பட்டது, மேற்கொள்ளப்பட்டது, அவதானிக்கப்பட்டது" என்று வரிசையாக வந்தால் அதுதான் அடையாளம். யார் கண்டார், யார் செய்தார் என்று ஆளை வசனத்துக்குள் கொண்டுவாருங்கள், பாதி சரியாகிவிடும். இரண்டு மொழியிலும் எழுதவேண்டியவர்கள் ஒரு கிழமை தமிழ், ஒரு கிழமை ஆங்கிலம் என்று மாறி மாறிச் செய்யலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த சுரேஷ் கனகராஜா 2006இல் எழுதிய ஒரு கட்டுரையில், பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ் வாசகருக்கும் ஆங்கில வாசகருக்கும் எழுதிய ஆய்வுக்கட்டுரைகளை ஒப்பிட்டு, அவர் யாருக்கு எழுதுகிறார் என்பதைப் பொறுத்துத் தன் நடையை மாற்றிக்கொண்டார் என்று காட்டுகிறார். ஒரு மொழி மற்றதைக் கெடுத்துவிட்டது என்பது அல்ல அவருடைய வாசிப்பு. தெரிந்து மாற்றினார் என்பதே. மாற்றுவதற்கு முதலில் இரண்டிலும் சொந்த வசனம் இருக்கவேண்டும்.

மூன்றாவது எதிர்ப்பு நேரம். "வேலைக்கும் போய், வகுப்புக்கும் போய், எங்க அண்ணா நேரம்?" சனி ஒரு மணித்தியாலம், ஞாயிறு ஒரு மணித்தியாலம். ஐம்பத்திரண்டு கிழமையும் நான் செய்யவில்லை. முப்பத்தேழுதான் கொப்பியில் இருக்கிறது. தவறின கிழமைக்குப் பதிலாக அடுத்த கிழமை இரண்டு செய்யப் போகாதீர்கள், இரண்டும் அரைகுறையாகும். ஆனால் முதல் கிழமைக் கட்டுரையை நாற்பதாம் கிழமையளவில் ஒருதரம் திருப்பி எடுங்கள், பழைய பக்கத்தைப் பார்க்காமல். நான் செய்தபோது இரண்டாவது சுருக்கம் முதலாவதைவிடக் குறுகியது. ஆனால் மூன்று கால இடைவெளியும், ஒரே மாணவர்தான் என்பதும், அளந்தது உள்ளடக்கத்தை மட்டும் என்பதும் அதில் இருந்தன. "குறிப்பிடத்தக்கது" இருக்கவில்லை.

சரிவரவில்லை என்பதையும் கொப்பியே சொல்லும். சுருக்கங்கள் கிழமைக்குக் கிழமை நீளுகின்றனவா? நீங்கள் தெரிவு செய்யவில்லை, கொட்டுகிறீர்கள். எல்லாச் சுருக்கமும் ஒரே மாதிரித் தொடங்குகிறதா? உங்களுக்கென்று ஒரு புதுப் பட்டியல் செய்துவிட்டீர்கள். சிவப்பு மையே இல்லையா? ஒப்பிடாமல் ஏமாற்றுகிறீர்கள், அல்லது தெரிந்த விசயத்தையே வாசிக்கிறீர்கள். இன்னொன்று, கட்டுரை விளங்கவே இல்லை என்றால் இந்தப் பயிற்சி விளக்கம் தராது. மூடினாலும் திறந்தாலும் விளங்காதது விளங்காததுதான். அந்தக் கிழமை யாரிடமாவது போய்க் கேளுங்கள்.

தம்பி இதைத் தொடங்கி நாலு மாதம்தான் ஆகிறது. போன கிழமை அதே இரண்டாம் அத்தியாயத்தைத் திருப்பிக் கொண்டுவந்தான். முன்பிருந்ததில் அரைவாசிதான் இருந்தது. நடுவில் ஒரு பந்தி:

"முன்னைய ஆய்வுகள் குடும்ப வருமானத்தின் அளவைப் பேசுகின்றன. நான் கதைத்த குடும்பங்களில் அளவைவிட, வருமானம் வராத நாளே வரவைப் பாதிப்பதாகத் தோன்றுகிறது. மழைக்கு மறுநாள் பிள்ளைகள் வராமல் விட்டதைப் பெற்றோர் சொன்னார்கள். வரவுப் பதிவேட்டோடு இதை நான் இன்னும் ஒப்பிடவில்லை. ஒப்பிடும்வரை இது அவர்கள் சொன்னது மட்டுமே."

"தோன்றுகிறது எண்டு போட்டது சரியா அண்ணா, இல்லாட்டிப் பயந்த மாதிரி இருக்கா?" எண்டு கேட்டான். பதிவேட்டைப் பார்த்துவிட்டு மாற்று, அதுவரை அந்தச் சொல்தான் சரி என்றேன். எழுத்துப்பிழை மூன்று இருந்தது. அதையும் திருத்திக் கொடுத்தேன்.